அரக்குச் சேலையும் எஸ்ஆர்ஜிபி மோடும்

சில மானிட்டர்களின் பெட்டியைப் பிரித்தால் தெர்மாகோலுக்கு மேலே ஒரு காகிதம் இருக்கும். அதில் அந்த மானிட்டரின் சீரியல் நம்பர், சாம்பல் நிறப் படிகளின் ஒரு வளைகோடு, சில வண்ணக் கட்டங்கள், கடைசியில் 'சராசரி டெல்டா-ஈ 2-க்குள்' என்று ஒரு வரி. வர வேண்டிய நிறத்துக்கும் திரையில் வந்த நிறத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் டெல்டா-ஈ என்கிறோம். அது 1 என்றால், இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்க்கும் பழகிய கண்ணுக்கு மட்டும் லேசாகப் புலப்படும். 2-க்குள் இருந்தால் கல்யாண ஆல்பம் செய்கிறவருக்குத் தாராளம்.

மதுரையில் ஒரு கலர் லேபில் ஆல்பங்களுக்குக் கலர் கரெக்ஷன் பார்ப்பது என் வேலை. சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்கள் ஃபைல் கொண்டுவந்து தரும்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, ஃபேக்டரி காலிப்ரேட்டட் மானிட்டர் வாங்கியே ஆகணுமா? பிரிண்ட் மேட்ச் ஆகும்ல?" இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் காகிதம் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் அது எந்த நிலையில் உண்மை என்பதைப் பலரும் படிப்பதில்லை. திருமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பியின் ஆல்பத்தை வைத்துச் சொன்னால் இது விளங்கும்.

கல்யாணப் பெண்ணுக்கு அரக்கு நிறப் பட்டு, தங்க ஜரிகை. ஆல்பம் அச்சாகி வந்தபோது அரக்கு செத்துப்போய், உலர்ந்த செங்கல் தூள் மாதிரி கிடந்தது. முகங்கள் இருண்டு, சோகை பிடித்தது போல் இருந்தன. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் மஞ்சள். பெண் வீட்டார் ஆல்பத்தைத் திருப்பிவிட்டார்கள். தம்பி நேராக லேபுக்கு வந்தார். "அண்ணே, உங்க மிஷின்லதான் ஏதோ மாறியிருக்கு. என் மானிட்டர் ஃபேக்டரி காலிப்ரேட்டட். பேப்பரே கையில இருக்கு" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் திரையைப் பார்ப்பதில்லை, எண்களைப் பார்ப்பேன். ஃபோட்டோஷாப்பில் இன்ஃபோ பேனலைத் திறந்து, கர்சரை நிறத்தின் மேல் வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் காட்டும். அந்த எண் ஃபைலில் இருப்பது. மானிட்டர் நல்லதோ கெட்டதோ, எண் மாறாது. எங்கள் மிஷினுக்குப் போவதும் அதே எண்தான். நல்ல வெளிச்சத்தில் எடுத்த மாநிறக் கன்னம் ஒன்று 190, 140, 112 என்கிற வாக்கில் இருக்கும். சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் குறைவு. மூன்றுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் தோலின் உயிர் இருக்கிறது. தம்பியின் ஃபைலில் மணப்பெண்ணின் கன்னம் 150, 122, 108. இருட்டு ஒரு பக்கம், நிறம் வற்றிப்போனது இன்னொரு பக்கம். அரக்குப் பட்டில் 98, 42, 48 என்று நின்றது. நல்ல அரக்கில் பச்சை எண் 20-ஐ ஒட்டி இருக்க வேண்டும், சிவப்பு 130-க்குக் கிட்டே போக வேண்டும். வேட்டி 232, 226, 208. வெள்ளையில் நீலம் இவ்வளவு குறைந்தால் காகிதத்தில் மஞ்சள்தான் வரும்.

ஆக, ஃபைலிலேயே அப்படித்தான் இருந்தது. மிஷின் கொடுத்ததை அடித்திருக்கிறது. ரா ஃபைலை எந்த மாற்றமும் இல்லாமல் திறந்து பார்த்தோம். அதில் அரக்கு அரக்காகவே இருந்தது. நடுவில் நிறத்தைக் குறைத்தது அவர் கைதான். ஏன் குறைத்தார்? அவர் திரையில் அது மிகையாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் மானிட்டரையே பைக்கில் கட்டி எடுத்துவரச் சொன்னேன்.

மானிட்டரை மாட்டி, அரைமணி நேரம் எரியவிட்டோம். பின்விளக்கு சூடாகி நிலைப்பதற்கு முன் அளந்தால் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். பிறகு லேபில் இருக்கும் கலரிமீட்டரைத் திரையின் நடுவில் தொங்கவிட்டோம். யுஎஸ்பியில் மாட்டி, டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளோடு வேலை செய்யும் சிறிய கருவி அது. வாங்கிய நாளிலிருந்து அந்த மானிட்டர் 'ஸ்டாண்டர்டு' மோடில் ஓடியிருக்கிறது. அந்த மோடில் வெள்ளையின் பிரகாசம் ஒரு சதுர மீட்டருக்கு 290 கேண்டெலா. இதை நிட்ஸ் என்பார்கள். வெள்ளையின் நிறம் 7300 கெல்வின், அதாவது நீலம் தூக்கல். நிற வீச்சோ சினிமாவுக்கான பி3 அளவில் 95 சதவீதம்.

கடைக்காரர் பெருமையாகச் சொல்லி விற்றது இந்த 95 சதவீதத்தைத்தான். அதுதான் இங்கே வில்லங்கமும். நம் ஆல்பம் ஃபைல்கள் எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியில் இருக்கின்றன. 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்மொழிந்து, 1999-இல் சர்வதேசத் தரமான நிறவெளி அது. லேபுகள் கேட்பதும் அதையே. அதில் 255, 0, 0 என்றால் இன்ன அளவுச் சிவப்பு என்று வரையறை உண்டு. ஆனால் பரந்த வீச்சுள்ள பேனலிடம் யாரும் எதுவும் சொல்லாமல் 255, 0, 0 என்று அனுப்பினால், அது தன்னிடம் உள்ள அதிகபட்சச் சிவப்பைக் காட்டிவிடும். அந்தச் சிவப்பு எஸ்ஆர்ஜிபியின் சிவப்பைவிட அடர்த்தி. விண்டோஸில் அந்த மானிட்டருக்கு ப்ரொஃபைல் எதுவும் போடப்படவில்லை. ப்ரொஃபைல் இல்லையென்றால் ஃபோட்டோஷாப் அதைச் சாதாரண எஸ்ஆர்ஜிபி திரை என்று நினைத்து, எண்ணை மாற்றாமல் அப்படியே அனுப்பும். கன்னம் ஆரஞ்சாகத் தெரிந்தது, அரக்கு கண்ணைக் குத்தியது. தம்பி சாச்சுரேஷனை இறக்கினார். திரை பளீரென்று இருந்ததால் எக்ஸ்போஷரை இறக்கினார். வெள்ளை நீலமாக இருந்ததால் டெம்பரேச்சரை மஞ்சள் பக்கம் தள்ளினார். அவர் கண் நல்ல கண். திரையில் இருந்த மூன்று கோளாறுகளையும் சரியாகக் கண்டுபிடித்து, மூன்றையும் ஃபைலில் போய்த் திருத்திவிட்டது.

பிறகு மெனுவில் `sRGB` மோடுக்கு மாற்றி மீண்டும் அளந்தோம். வெள்ளை 6600 கெல்வின். வண்ணக் கட்டங்களின் சராசரி டெல்டா-ஈ 1.4, அதிகபட்சம் நீலத்தில் 3.1. பெட்டிக்குள் வந்த காகிதம் சொன்னது அத்தனையும் உண்மை. தொழிற்சாலை இந்த ஒரு மோடில்தான் உட்கார்ந்து ஒவ்வொரு மானிட்டரையும் அளந்து, அந்தப் பேனலுக்கு ஏற்ற திருத்தத்தை உள்ளே எழுதி அனுப்பியிருக்கிறது. காகிதத்தின் மேல் மூலையில் சிறிய எழுத்தில் மோடின் பெயரும் இருந்தது. தம்பி காசு கொடுத்து வாங்கிய துல்லியம் மெனுவில் ஓர் அழுத்தல் தூரத்தில், தொடப்படாமலே இருந்திருக்கிறது.

"இந்த மோடு ஒருவாட்டி போட்டுப் பார்த்தேண்ணே. மங்கலா, மஞ்சளா இருந்துச்சு. கெட்டுப்போன மாதிரி தெரிஞ்சதால மாத்திட்டேன்" என்றார். பலருக்கும் இப்படித்தான் ஆகிறது. நீலம் தூக்கலான வெள்ளையில் ஊறிய கண்ணுக்குச் சரியான வெள்ளை மஞ்சளாகத்தான் படும். வேறு மோடுக்குப் போகாமல் இருபது நிமிடம் அதிலேயே வேலை பார்த்தால் கண் இறங்கி வந்துவிடும். மோடுகளை மாற்றி மாற்றிப் போட்டு எது அழகு என்று பார்க்கிறவர், எப்போதும் பிரகாசமும் அடர்த்தியும் உள்ளதைத்தான் தேர்ந்தெடுப்பார். கடையில் எல்லா மானிட்டரும் அந்த மோடில் எரிவதற்குக் காரணமும் அதுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் 'எஸ்ஆர்ஜிபி மோடு போடு' என்று சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் அந்த மோடில் பிரகாசம் 210 நிட்ஸ். குறைக்கலாம் என்று மெனுவுக்குப் போனால் பிரைட்னஸ் கோடு சாம்பல் நிறமாகி, நகர மறுத்தது. பல மானிட்டர்களில் இந்தப் பூட்டு உண்டு. தொழிற்சாலை ஒரு பிரகாசத்தில் அளந்தது, அதை மாற்றினால் சான்று செல்லாது என்பதால் பூட்டிவிடுகிறார்கள். அவர்கள் தரப்பில் அது நியாயம். அச்சுக்கு வேலை செய்கிறவருக்கு அது உதவாது.

ஏன் உதவாது என்று தம்பிக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். காகிதம் தானாக ஒளிராது, விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல போட்டோ பேப்பரின் வெள்ளை, விழுவதில் 85 சதவீதம் அளவுக்குத் திருப்பும். மேஜையில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளந்து, 0.85-ஆல் பெருக்கி, 3.14-ஆல் வகுத்தால் காகித வெள்ளையின் பிரகாசம் நிட்ஸில் கிடைக்கும். நாங்கள் பிரிண்ட் சரிபார்க்கும் மேஜையில் 400 லக்ஸ். கணக்கு 108 நிட்ஸ் என்று வந்தது. திரை வெள்ளையும் அதை ஒட்டி இருந்தால்தான் கண்ணால் இரண்டையும் ஒப்பிட முடியும். திரை 210 என்றால் கேமரா பாஷையில் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் வெளிச்சம் அதிகம். கண் பழகிக்கொள்வதால் முழு ஸ்டாப்பும் ஃபைலில் இறங்காது. ஆனாலும் எடிட் செய்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே போவார். 'திரையில் நல்லா இருக்கு, பிரிண்ட்டில் இருட்டு' என்று லேபுக்கு வரும் புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பிரகாசத்தைத்தான். டெல்டா-ஈ 1 உள்ள மானிட்டரிலும் இந்தத் தப்பு நடக்கும்.

அதனால் 'யூசர்' மோடுக்குப் போனோம். அங்கே பிரகாசத்தை நகர்த்தலாம், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். முதலில் பிரகாசத்தை 110 நிட்ஸுக்குக் கொண்டுவந்தோம். பிறகு மீட்டரைப் பார்த்துக்கொண்டே சிவப்பை 100-இல் விட்டு, பச்சையை 94-க்கும் நீலத்தை 86-க்கும் இறக்கினோம். வெள்ளை 6500 கெல்வினுக்கு வந்தது; அதில் குறைந்த பிரகாசத்தை மீண்டும் 110-க்கு ஏற்றினோம். இந்த வேலையை மானிட்டரின் பொத்தானில் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. செய்யாமல் விட்டால் மென்பொருள் அதே திருத்தத்தைக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டில் செய்யும். அங்கே ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் இருக்கின்றன என்றால், நீலத்தைக் குறைக்கக் குறைக்கப் படிகள் காணாமல் போகும். மாலை வானத்தில், மண்டபச் சுவரின் மென்மையான நிழலில், வரி வரியாகத் தெரியும். அந்த வரி ஃபைலில் இருக்காது, திரையில் மட்டும் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து படத்தைத் திருத்துகிறவர்களும் உண்டு.

மென்பொருளில் இன்னொரு கேள்வி வரும்: பின்விளக்கு என்ன வகை? பரந்த வீச்சுள்ள பேனல்களின் எல்இடி விளக்கில் சிவப்பு ஒளி மெல்லிய ஊசி முனைகளாக இருக்கும், பழைய வெள்ளை எல்இடியில் அது பரவலாக இருக்கும். கலரிமீட்டரின் உள்ளே இருப்பவை நிற வடிகட்டிகள்தான். விளக்கின் வகையைச் சொல்லாவிட்டால் அது தவறாகப் படித்து, வெள்ளையை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ 'சரி' செய்துவிடும். முடித்த பிறகு ஒரு சாம்பல் படத்தைத் திரை முழுக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் நிறச் சாயல் தெரிந்தால் வகை தப்பு.

பிறகு மென்பொருள் வண்ணக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அளந்து, ப்ரொஃபைல் எழுதியது. இந்த ப்ரொஃபைல் திரையை மாற்றும் பொருள் அல்ல, திரையைப் பற்றிய வாக்குமூலம். 'என் சிவப்பு இவ்வளவு அடர்த்தி, என் பச்சை இவ்வளவு' என்று அது ஃபோட்டோஷாப்பிடம் சொல்லும். ஃபோட்டோஷாப் அதைக் கேட்டு, எஸ்ஆர்ஜிபியின் 255, 0, 0-ஐக் கொஞ்சம் தணித்து அனுப்பும். அப்போதுதான் பரந்த பேனலிலும் அரக்கு அரக்காகத் தெரியும். ப்ரொஃபைலை மதிக்காத மென்பொருள்களில் நிறம் இன்னும் மிகையாகவே இருக்கும். பழைய போட்டோ வியூவர் சிலது அப்படி, விண்டோஸின் டெஸ்க்டாப் படமும் அப்படி. வாடிக்கையாளருக்கு அந்த வியூவரில் காட்டி ஒப்புதல் வாங்கக் கூடாது என்று தம்பியிடம் சொன்னேன்.

ஒரு மோடுக்கு எழுதிய ப்ரொஃபைல் அந்த மோடுக்கு மட்டும்தான் செல்லும். இதை நான் யாரிடமும் ஒருமுறைக்கு இருமுறை சொல்வேன். 'யூசர்' மோடுக்கு எழுதிய ப்ரொஃபைலை வைத்துக்கொண்டு மானிட்டரை எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றினால், மானிட்டர் ஒருமுறை நிறத்தைத் தணிக்கும், ஃபோட்டோஷாப் இன்னொருமுறை தணிக்கும். படம் வெளுத்துத் தெரியும். எடிட்டர் நிறத்தை ஏற்றுவார், பிரிண்ட் கண்ணைக் கூச வைக்கும். தம்பிக்கு வந்ததற்கு நேர் எதிரான நோய். மானிட்டரோடு வந்த டிரைவரை நிறுவினால் கம்பெனியின் ப்ரொஃபைல் ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அது பெரும்பாலும் பேனலின் முழு வீச்சுக்கு எழுதியது, எஸ்ஆர்ஜிபி மோடுக்கு ஆகாது. விண்டோஸில் தேடும் இடத்தில் `colorcpl` என்று அடித்தால் எந்த ப்ரொஃபைல் ஓடுகிறது என்று பார்க்கலாம். எஸ்ஆர்ஜிபி மோடில் வேலை செய்கிறவருக்கு அங்கே எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல்தான் இருக்க வேண்டும். மீட்டர் இல்லாமலே சோதிக்க ஒரு வழி: எஸ்ஆர்ஜிபி மோடில் ஒரே படத்தை ஃபோட்டோஷாப்பிலும், ப்ரொஃபைலை மதிக்காத வியூவரிலும் திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் மோடும் ப்ரொஃபைலும் பொருந்தியிருக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் மட்டும் வெளுத்தால் தப்பான ப்ரொஃபைல். தம்பியின் ப்ரொஃபைலுக்கு 'User-110' என்று பெயர் வைத்தோம். மோடும் பிரகாசமும் பெயரிலேயே இருந்தால் ஆறு மாதம் கழித்தும் குழப்பம் வராது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். கலரிமீட்டர் இல்லை, வாங்கவும் போவதில்லை என்றால், தொழிற்சாலையில் சரிபார்த்த மானிட்டரை வாங்குங்கள். அதில் எஸ்ஆர்ஜிபி மோடில் பிரகாசம் பூட்டப்படாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். காகிதத்தில் உள்ள சராசரியைவிட எனக்கு இந்த ஒன்று முக்கியம். கலரிமீட்டர் இருந்தால், நான்கு ஸ்டுடியோ சேர்ந்தாவது ஒன்று வாங்க முடிந்தால், அந்தக் காகிதத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்டக்கூடிய, ஓரங்களில் இருட்டாத ஐபிஎஸ் பேனல் போதும். மீட்டரால் திருத்த முடியாதவை இந்த இரண்டும்தான்: பேனலால் காட்டவே முடியாத நிறம், மூலைக்கு மூலை மாறும் வெளிச்சம். தொழிற்சாலை அளவும் பெரும்பாலும் திரையின் நடுவில் எடுத்ததே. அதோடு பின்விளக்கு வருடங்கள் போகப் போக மங்கி நிறம் மாறும், காகிதத்தில் உள்ள எண் மாறாது. மூன்று வருடம் ஓடிய மானிட்டருக்கு அந்தச் சான்றை நான் நம்ப மாட்டேன்.

இதற்கு மேல் ஒரு வகை உண்டு. ஈஸோவின் கலர்எட்ஜ், பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசை போன்றவை. மீட்டர் அளந்ததை இவை கிராஃபிக்ஸ் கார்டில் எழுதாமல் மானிட்டருக்குள்ளேயே நுணுக்கமான படிகளில் எழுதிக்கொள்கின்றன. துணிக் கேட்லாக் செய்கிறவர்களுக்கு, ஆஃப்செட்டுக்குத் திரையிலேயே ப்ரூஃப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் காசு வீண் போகாது. கல்யாண ஆல்பத்துக்கு நான் அதைக் கட்டாயம் என்று சொல்வதில்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது விலை குறைந்த லேப்டாப்கள்தான். விவரப் பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால், அந்தத் திரை எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தைத்தான் காட்டும். அதில் அரக்கு பழுப்பாகத்தான் தெரியும், எவ்வளவு அளந்தாலும் மாறாது. எடிட்டர் சிவப்பை ஏற்றிக்கொண்டே போவார். ஃபைலில் சிவப்பு எண் 255-இல் போய் முட்டி நிற்கும். பிரிண்ட்டில் சேலை ஒரே திட்டாக, மடிப்பும் ஜரிகையின் நெசவும் அழிந்து வரும். அப்படிப்பட்டவர்களிடம் திரையை விட்டுவிட்டு இன்ஃபோ பேனலின் எண்ணைப் பார்த்து வேலை செய்யச் சொல்கிறேன். முக்கியமான நான்கு படங்களை 4×6 அளவில் முதலில் அடித்துப் பார்க்கவும் சொல்கிறேன்.

தம்பி ரா ஃபைலிலிருந்து மறுபடி எடிட் செய்தார். மாதிரிப் பிரிண்ட்டில் அரக்கு வந்துவிட்டது, ஜரிகை தனியாக நின்றது, ஃபைலில் கன்னம் 186, 138, 113 என்று காட்டியது. ரிசப்ஷன் படங்கள் மட்டும் ஒத்துவரவில்லை. அங்கே பெண் கட்டியிருந்தது மயில்கழுத்து நிறப் பட்டு. மேடையில் ஊதா எல்இடி. திரை துல்லியமாக இருந்தால் ஃபைலில் உள்ளதைத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான். அந்த விளக்கில் கேமராவே சேலையின் பச்சையைப் பதிவு செய்யவில்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்திருந்தாலும், மயில்கழுத்தின் அந்த நீலப்பச்சையில் ஒரு பகுதி எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே விழக்கூடியது. அந்தப் படங்களுக்கு, சேலையின் ஒரு முனையைப் பெண் வீட்டிலிருந்து வாங்கிவரச் சொல்லி, 6500 கெல்வின் டியூப்லைட்டின் கீழே பிரிண்ட்டின் பக்கத்தில் வைத்து, எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போனோம். அடுத்த கல்யாணத்துக்கு, மேடை விளக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் 24 கட்டம் உள்ள கலர் செக்கர் அட்டையை ஒரு படத்தில் பிடித்து எடுத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன்.